பெரிய திரை உள்ள மின்சாரக் கார்: முதல் நாளே பார்க்க வேண்டியவை

கேள்வி: “நேற்றுத்தான் மின்சாரக் கார் கைக்கு வந்தது. ஏசி, கண்ணாடி எல்லாமே திரைக்குள்தான் இருக்கிறது. விற்றவர் பத்து நிமிடம் எதையோ அமுக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். முதலில் எதைச் சரிபார்ப்பது?” (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: காரை P-யில் நிறுத்திவிட்டு, அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏசியும் திரையின் நிறமும் காத்திருக்கும்.

கார் நிறுவனத்தின் செயலியை உங்கள் போனில் திறந்து, இன்னொருவரைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் நீங்கள்தான் உரிமையாளர். இல்லையென்றால், ஓட்டிக் காட்டுவதற்காக விற்றவர் தன் மின்னஞ்சலில் காரைப் பதிந்து, உங்களை வெறும் விருந்தாளியாகச் சேர்த்திருக்கலாம். அப்படியானால் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், பல கார்களில் கதவையும் அவரால் திறக்க முடியும்.

“Factory reset அமுக்கினால் சரி” என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது திரையில் இருப்பதை மட்டும்தான் அழிக்கும். கணக்கின் இணைப்பு இருப்பது நிறுவனத்தின் சேர்வரில். ஆகவே முதலில் விற்றவர் உங்கள் கண்முன்னே தன் செயலியிலிருந்து காரை நீக்க வேண்டும். பிறகு reset. அதற்குப் பிறகு உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதிவு. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றப் படிவமும் வரிசையும் உண்டு. செயலியில் பெயர் மாற்றுவது யார் பொறுப்பு என்று கேட்க ஆளில்லை. 2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை.

சீனச் சந்தைக்கென்று செய்த காரை யாராவது தனியாக இறக்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் செயலி பெரும்பாலும் சீனத் தொலைபேசி எண்ணையே கேட்கும். அதைச் சாக்காக வைத்துத் தரகர் தன் எண்ணைப் போட்டுக் கொடுப்பார். உங்கள் காரின் சாவி அவர் கையில் இருக்கும். திரையை ஆங்கிலமாக்கித் தருகிறேன் என்று பென்டிரைவோடு வருபவரையும் நம்ப வேண்டாம். நிறுவனம் தராத மென்பொருளை ஏற்றிய பிறகு அடுத்த அப்டேட் இறங்காமல் போகலாம், பாதியில் நின்று திரை உறையலாம். அந்தத் திரைதான் ரிவர்ஸ் கமெராவும். உத்தரவாதம் கேட்கப் போனால் காரை இறக்கியவரையும் காணமாட்டீர்கள், தரகரையும் காணமாட்டீர்கள்.

அடுத்தது கடிகாரம். அற்பமாகத் தெரியும், ஆனால் சார்ஜ் செய்யும் நேரம் அதைப் பார்த்துத்தான் ஓடும். நேரவாரிக் கட்டண மீட்டர் உள்ள வீடுகளில் மலிவு நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, மாலை 6.30 முதல் 10.30 வரைதான் மிகவும் விலை. கார் சீன நேரத்தில் இருந்தால், நீங்கள் 10.30 என்று வைத்தது நம் நேரம் இரவு 8 மணிக்கே தொடங்கிவிடும், அதாவது விலை கூடிய நேரத்தின் நடுவில். நேர வலயத்தை +5:30 ஆக்கி, உங்கள் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே பக்கத்தில் சார்ஜ் மின்னோட்டத்தை மாற்றும் இடம் இருந்தால், சாதாரணப் பிளக்கில் செருகும்போது 10 அம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம். 230 வோல்ற்றில் அது 2.3 கிலோவாட். மலிவு நேரமான ஏழு மணித்தியாலத்தில் 16 யூனிட் ஏறும். வீணாவது போக ஏறக்குறைய 90 கிலோமீற்றர் ஓடலாம். வெள்ளவத்தையிலிருந்து கொழும்பு கோட்டைக்கு வேலைக்குப் போய்வர இது தாராளம். முதல் இரவு, அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை; கை வைக்க முடியாத சூடென்றால் உடனே நிறுத்தி, மின்வினைஞரைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளின் உருண்டைப் பின் பிளக்குக்கு அடாப்டர் மாட்டுவதும், நீட்டு வயர் இழுப்பதும் வேண்டவே வேண்டாம்.

எத்தனை சதவீதம் வரை ஏற்றுவது? 80-இல் நிறுத்துங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நிக்கல் சேர்ந்த பற்றரிகளுக்கு அது சரி. பிவைடி கார்களில் இருக்கும் பிளேட் பற்றரி போன்ற, இரும்பும் பொஸ்பேற்றும் சேர்ந்த எல்எஃப்பி வகைக்கு அது பொருந்தாது. இந்த வகையில் பற்றரி பாதியாக இருந்தாலும் முக்காலாக இருந்தாலும் வோல்ற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். முழுதாக நிறையும்போதுதான் உண்மையான அளவு காருக்குத் தெரியும். எப்போதும் 80-இலேயே நிறுத்தி வந்தால், கணக்குப் பிசகி, 15 சதவீதம் என்று காட்டிய அளவு திடீரென்று கீழே விழலாம். வாரத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றினால் இது வராது. ஆனால் பல வாரம் ஓடாமல் நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் முழுதாக ஏற்றாமல் பாதியில் விடுங்கள். உங்கள் காரில் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். ஒரே பெயரில் இரு வகையும் விற்பனையாகும், ஆகவே பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம்.

கடைசியாக ஓட்டும் உதவி. தானாகப் பிரேக் பிடிப்பதை அணைக்காமல் விட்டுவையுங்கள். காரை வீதிக் கோட்டுக்குள் இழுத்துப் பிடிப்பதை எச்சரிக்கைக்கு மட்டும் மாற்றுங்கள்: கொழும்பு - காலி வீதியில் நிற்கும் பஸ்ஸையோ முச்சக்கர வண்டியையோ விலகிப் போகும்போது ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். சில கார்களில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இது பழையபடி திரும்பிவிடும். ஒரே தொடுதலில் அணைக்க முடிகிற குறுக்குவழிப் பட்டியில் அதையும், முன்கண்ணாடியின் பனி அகற்றும் பொத்தானையும் சேர்த்துவிட்டு, மழை வரும் முன்பே கார் நிற்கும்போது பத்துத் தடவை தொட்டுப் பழகுங்கள்.