ஆறு பக்க ரெஸ்யூமும் பெரியப்பாவின் பிஎச்.டி. யோசனையும்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு அப்பா மகளின் ரெஸ்யூமை அனுப்பியிருந்தார். எம்.எஸ்சி. இயற்பியல், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதியும் இருக்கிறது, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். மட்டும் கொஞ்சத்தில் போய்விட்டது. ஒரு வருடமாக விண்ணப்பித்தும் எந்தக் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. பேருக்கு முன்னால் டாக்டர் இருந்தால்தான் கல்லூரியிலும் மதிப்பார்கள், வரனும் நல்லதாக வரும் என்று பெரியப்பா சொல்கிறாராம், அதனால் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேர்த்துவிடலாமா, நகையை வைத்தால் முதல் வருடக் கட்டணம் கட்டிவிடலாம் என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கவலை புரிகிறது சார். ஆனால் நகையை வைக்காதீர்கள்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு பிஎச்.டி. கட்டாயம் இல்லை. 2023 ஜூலையில் யுஜிசி விதியைத் திருத்தி, நெட், செட், ஸ்லெட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று இருந்தாலே குறைந்தபட்சத் தகுதி என்று சொல்லிவிட்டது. உங்கள் மகளிடம் அது இருக்கிறது. ஆனாலும் அழைப்பு வராததற்கு அந்த ரெஸ்யூம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆறு பக்கம். முதல் இரண்டு பக்கமும் 2020 ஊரடங்கில் வாங்கிய இணையவழிக் கருத்தரங்குச் சான்றிதழ்கள், பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் மெயிலில் வந்து விழுமே, அவைதான். ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: “விருந்தினர் விரிவுரையாளர், 6 மாதம்.”

அந்த ஒரு வரிக்காகத்தான் மகளிடம் போனில் பேசினேன். பக்கத்து ஊர்க் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஒரு ஆசிரியை பிரசவ விடுப்பில் போக, அந்த இடத்தில் ஆறு மாதம் பாடம் எடுத்திருக்கிறாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதனால் வீட்டில் யாரும் அதை வேலை என்றே கணக்கில் வைக்கவில்லை. ரெஸ்யூமில் எழுதவே கூச்சமாக இருந்ததாம். என்ன எடுத்தாய் என்று கேட்டதும் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தாள்.

முதலாமாண்டு வேதியியல் மாணவர்களுக்குத் துணைப்பாட இயற்பியல், வாரம் 4 மணி நேரம். இரண்டாமாண்டு இயற்பியலுக்கு ஒளியியல். இரண்டு பிரிவுக்கு ஆய்வக வகுப்பு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் தொலைநோக்கியை முதலில் தூரத்துப் பொருளுக்குச் சரிசெய்யாமலே பையன்கள் பட்டகத்தை வைத்து அளவெடுக்கிறார்கள், கோணம் தப்பாக வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அரைப்பக்கக் குறிப்பு எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறாள். இறுதியாண்டில் மூன்று பேரின் புராஜெக்டை வழிநடத்தியிருக்கிறாள். துறைத்தலைவர் கொடுத்த மாணவர் ஆலோசனைப் பதிவேட்டில் இவள் பொறுப்பில் இருபது பேர் இருந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வார்த்தை கூட ரெஸ்யூமில் இல்லை!

ஆகவே முதல் பக்கத்தில் கல்வித்தகுதிக்கு அடுத்தே கற்பித்த பாடங்கள் வர வேண்டும். “இயற்பியல் கற்பித்தேன்” என்று எழுதினால் போதாது. பாடத்தின் பெயர், எந்த வகுப்பு, எந்தப் பருவம், வாரத்துக்கு எத்தனை மணி, எழுத்துப் பாடமா செய்முறையா என்று ஒவ்வொன்றாக வரட்டும். காரணம் இருக்கிறது. நேர்காணலில் துறை நிபுணர் பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கேட்பார், மாதிரி வகுப்புக்கும் அதிலிருந்தே தலைப்புக் கொடுப்பார். அது நீங்களே உங்களுக்குக் குறித்துக்கொடுக்கும் கேள்வித்தாள் மாதிரி. படித்த பாடத்தையெல்லாம் எடுத்த பாடம் என்று எழுதி வைத்து, குவாண்டம் இயக்கவியலில் ஒரு கேள்வி வந்ததும் திணறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாணவர் வழிகாட்டல் அடுத்தது. “மாணவர்களை ஊக்குவித்தேன்” என்ற வரியால் யாருக்கும் எதுவும் தெரியாது. மூன்று புராஜெக்டின் தலைப்புகள், பொறுப்பிலிருந்த மாணவர் எண்ணிக்கை, அந்த ஆய்வகக் குறிப்பு, இவ்வளவு போதும். எல்லாமே கேட்டால் காட்டக்கூடியவை.

பயிலரங்கில் நாள் கணக்கை எழுதுங்கள். ஒருநாள் இணையக் கருத்தரங்குகளை மொத்தமாக எடுத்துவிட்டு, பாடத்தோடு சேர்ந்த, நேரில் போய் உட்கார்ந்த இரண்டோ மூன்றோ இருக்கட்டும். கட்டுரைகளில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கருத்தரங்கில் வாசித்ததும் ஆய்விதழில் வெளிவந்ததும் வேறு வேறு. இரண்டையும் “வெளியீடுகள்” என்று ஒரே தலைப்பில் போட்டால், பார்ப்பவருக்கு மற்ற வரிகள் மேலும் சந்தேகம் வந்துவிடும். வாசித்ததற்குத் தலைப்பு, கூடச் சேர்ந்து எழுதியவர்கள், நடத்திய துறை, தேதி, பேச்சா சுவரொட்டியா என்று எழுதுங்கள். உங்கள் மகள் வாசித்தது ஒன்று, வெளிவந்தது எதுவும் இல்லை. அதை அப்படியே எழுதட்டும். காசு கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் பக்கமே போக வேண்டாம்.

பெரியப்பாவுக்கும் ஒரு கணக்குக் காட்டிவிடுகிறேன். யுஜிசியின் 2018 விதிமுறையில் கல்லூரிப் பணிக்கு நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று வடிகட்ட ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. உங்கள் மகளுக்கு இளநிலையில் 81 விழுக்காடு, அதற்கு 21. முதுநிலையில் 72, அதற்கு 23. நெட்டுக்கு 8. ஆக 52. ஒரு வருடம் பாடம் எடுத்தால் 2, ஆறு மாதத்துக்கு அதில் பாதி, 1. வெளிவந்த தரமான கட்டுரைக்குத் தலா 2, அதிகபட்சம் 6. கருத்தரங்கில் வாசித்த கட்டுரைக்கும் பயிலரங்குச் சான்றிதழுக்கும் அதில் மதிப்பெண்ணே கிடையாது. பிஎச்.டி.க்கு 25. இல்லை என்று சொல்ல மாட்டேன், அது பெரிய எண்தான், பெரியப்பா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 25 கையில் கிடைப்பது பட்டம் வாங்கிய பிறகு. அதற்கு மூன்று வருடமாவது ஆகும், நடைமுறையில் நாலைந்து. அதுவரை வட்டி யார் கட்டுவது? இன்னொன்று, இந்த அட்டவணை நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான், வேலை நேர்காணலில் முடிவாகிறது. சின்னத் தனியார் கல்லூரிகள் பல இந்தக் கணக்கே போடுவதில்லை, ரெஸ்யூமையும் மாதிரி வகுப்பையும்தான் பார்க்கின்றன.

பிஎச்.டி. செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வும் உண்டு. கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கொஞ்சத்தில் போன பெண் இன்னொரு முறை எழுதட்டும். அவர்கள் பணம் தந்து படிக்கக் கூப்பிடும் இடத்துக்கு, நாம் நகையை அடகு வைத்துப் போக வேண்டாம்.

அவளுக்கு என்ன பிடிக்கிறது என்றும் கேட்டேன். “ஆராய்ச்சி பண்ணுவேன் சார், ஆனா இப்போ வகுப்புக்குத் திரும்பப் போகணும்னு இருக்கு” என்றாள். இந்த விஷயத்தில் பெரியப்பாவின் ஓட்டுக்கு இடமில்லை.

இன்னொரு விடுப்புப் பணியிடத்தைத் தேடுங்கள். இவை விளம்பரத்தில் அதிகம் வராது. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் துறைத்தலைவர்களை நேரில் பார்த்து இரண்டு பக்க ரெஸ்யூமைக் கொடுக்க வேண்டும், அடுத்த பருவத்துக்கு யார் விடுப்பில் போகிறார்கள் என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். சேரும்போது ஆய்வக வகுப்போடு ஒரு முதன்மைப் பாடத்தையும் கேட்டு வாங்கட்டும், செய்முறையை மட்டும் கொடுத்து ஒப்பேற்றிவிடுவார்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே பழைய கல்லூரிக்குப் போய் அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள். அவள் வாங்கவே இல்லையாம். பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த பாடங்கள், முதல்வர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். அரசுக் கல்லூரிப் பணித் தேர்வுகளில் அதன் மேல் மண்டல இணை இயக்குநரின் மேலொப்பமும் கேட்டிருக்கிறார்கள், அதனால் அதற்கான நடைமுறையையும் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவர் மாறிவிட்டால் அவள் எந்தப் பாடம் எடுத்தாள் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது.