துரியோதனன் விழுவான் என்று தெரிந்தும்

அன்புள்ள ஐயா,

என் நண்பன் ஆம்பூரில் ஒரு தோல் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கதைப் புத்தகம் பக்கமே போகாதவன். என் அலமாரியிலிருந்து 'தி டே ஆஃப் த ஜாக்கல்' நாவலை எடுத்துப் போய் இரண்டே இரவில் முடித்துவிட்டு, "இதே மாதிரி இன்னொன்று கொடு" என்கிறான். பத்து உளவு நாவல்களின் பெயர்களைத் தேடி அனுப்பினேன். அவற்றில் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' நாவலை வாங்கி ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிட்டான். அவனுக்கு என்ன எழுதி அனுப்புவது? இத்தகைய நாவல்கள் நேர விரயம் என்று என் அண்ணன் சொல்வது சரியா?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணனின் கருத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இரண்டு இரவு தூங்காமல் ஒரு மனிதர் முதல் நாவலைப் படித்து முடித்திருக்கிறார், அதற்குமேல் அங்கே விவாதிக்க ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் உங்கள் மீதுதான். வாழ்நாளில் முதல்முறையாகப் புத்தகம் கேட்டு வந்தவருக்குப் பத்துப் பெயர்களை அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றுக்காவது ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? உளவு, கொலை, துப்பாக்கி என்று கதைப்பொருளை மட்டும் பார்த்தீர்கள். அவரைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது எது என்று அவரிடம் கேட்கவே இல்லை.

'தி டே ஆஃப் த ஜாக்கல்' நாவலை நான் கல்லூரி நாட்களில் வேலூரில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து எடுத்தேன். முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் பால்பாயிண்ட் பேனாவால், "குண்டு தவறிவிடும், சுட வந்தவன் செத்துப்போவான்" என்று எழுதிவைத்திருந்தார். ஆத்திரத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன், ஆனால் விடியும்வரை வைக்க முடியவில்லை. அடுத்த வாரம் அதே நூலகத்தில், உங்கள் நண்பர் பாதியில் நிறுத்திய அந்த ஜான் லெ காரே நாவலை எடுத்தேன். அதிலும் அதே கையெழுத்து, அதே வேலை. இந்த முறை நாவல் என் கண் முன்னாலேயே செத்துப்போனது. அந்த முடிவை நான் இங்கே எழுத மாட்டேன். ஒரே மனிதர் செய்த ஒரே அநியாயம் ஒரு நாவலைத் தொடாமலும் இன்னொன்றைக் கொன்றும் போனது ஏன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் கடிதம் அந்த இடத்தில்தான் வந்து தொட்டது.

ஃபிரடெரிக் ஃபோர்சைத் 1970-ன் தொடக்கத்தில் ஜாக்கல் நாவலை எழுதியபோது, கதையில் குறிவைக்கப்படும் பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோல் உயிரோடு இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் தம் வீட்டில் இயற்கையாகவே இறந்தார். கதை நடப்பதோ 1963-ல். அவர் சாகமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது யார் படிப்பார்கள் என்று கேட்டுப் பதிப்பாளர்கள் கைப்பிரதியைத் திருப்பினார்கள். 1971-ல் அது வெளிவந்தபோது அந்தக் கேள்வி எவ்வளவு பிழையானது என்று தெரிந்தது.

நம் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் என் பாட்டியின் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் முன்னே படுகளம். துரியோதனன் விழுவான் என்று கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கும் தெரியும். கர்ண மோட்சம் நடந்த இரவில் நான் கோரைப்பாயில் தூங்கிவிட்டேன், பாட்டி என்னை உலுக்கி எழுப்பி, "பொன்னுருவி வர்றாடா, எழுந்து பாரு" என்றாள். "கர்ணன் சாவறதா?" என்று கேட்டேன். "சாவுறது தெரிஞ்சதுதானே, எப்படிப் போறான்னு பாரு" என்றாள். போருக்குப் புறப்படும் கணவன் விடைபெற வந்து நிற்கிறான், மனைவி பொன்னுருவி அவனுடைய பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள், தேர் காத்திருக்கிறது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை.

பாட்டி சொன்ன அந்த 'எப்படி'தான் ஜாக்கல். முதல் பகுதியில் ஜாக்கல் என்று அழைக்கப்படும் அந்தக் கூலிக் கொலையாளி என்ன செய்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் கல்லறையைத் தேடிப் பிடித்து, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக்கொண்டு உண்மையான பாஸ்போர்ட்டே பெற்றுவிடுகிறான். பெல்ஜியத்தில் ஒரு கைவினைஞரிடம் தனக்கென்றே ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லி, காட்டுக்குள் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டுச் சுட்டுக் குறியைச் சரிசெய்கிறான். பாரிஸ் பழம்பொருள் சந்தையில் ஒரு பழைய ராணுவ மேலங்கியை வாங்குகிறான், பிறகு பதக்கங்களையும் சேர்க்கிறான், எதற்கு என்று ஆசிரியர் அப்போது சொல்வதில்லை. என்ன நடக்கும் என்ற கேள்வியை வரலாறு எடுத்துக்கொண்டுவிட்டதால், இந்த மேலங்கி எதற்கு என்ற கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒற்றைக்கால் முதியவராகக் கட்டைக்கோல் ஊன்றி அவன் காவலர் வரிசையைக் கடக்கும் பக்கத்தில்தான் எல்லாம் சேர்ந்து விளங்குகின்றன. குண்டு தவறும் காரணமும் அப்படிப்பட்டதே: பதக்கம் அணிவித்த அதிபர் முன்னாள் வீரரின் கன்னத்தில் முத்தமிடக் குனிகிறார். எல்லாவற்றையும் கணக்கிட்டவன் அந்தப் பிரெஞ்சு வழக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

லெ காரேயின் நாவல் இதற்கு நேர் எதிரானது. யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள் என்பதையே அது கடைசிவரை மறைத்துவைக்கிறது. முதல் ஐம்பது பக்கத்தில் மூடுபனி மட்டும்தான் இருக்கும். அது மகத்தான நூல், ஆனால் வேலைத்திறனைப் பார்த்து மயங்கிய ஒருவருக்கு அடுத்ததாகக் கொடுக்க வேண்டிய நூல் அல்ல. தோலை வெட்டித் தைத்து ஒரு பொருளாக்கும் இடத்தில் நாள் முழுதும் நிற்பவருக்குத் துப்பாக்கி செய்யும் அத்தியாயம் ஏன் பிடித்திருக்கும் என்பதை நீங்கள் ஊகித்திருக்க வேண்டாமா?

ஆகவே அவருக்கு முதலில் ஜெஃப்ரி ஹவுஸ்ஹோல்டின் 'ரோக் மேல்' நாவலின் பெயரை எழுதி அனுப்புங்கள். 1939-ல் வந்தது, சிறியது. பெயர் சொல்லாத ஒரு வேட்டைக்காரர் பெயர் சொல்லாத ஒரு சர்வாதிகாரியைக் குறிபார்க்கும்போது பிடிபடுகிறார். ஜாக்கல் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது என்று சொல்லுங்கள். தப்பி வந்து, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வேலிப்புதர்களுக்கு இடையே மண்ணுக்குள் வளை தோண்டி ஒளிந்திருக்கிறார். அவரே எழுதும் குறிப்பு என்பதால் பிழைத்துவிடுவார் என்று நமக்குத் தெரியும். எப்படி என்பதற்குத்தான் கை நடுங்கும். வளைக்கு வரும் ஒரு பூனையை மட்டும் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, கென் ஃபோலட்டின் 'ஐ ஆஃப் த நீடில்', 1978. நார்மண்டி தரையிறக்கம் 1944 ஜூன் 6-ல் வென்றது என்பது வரலாறு. அதற்கு முன், பிரிட்டனில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு படை வெறும் பொய்ப்படை என்பதை ஜெர்மானிய உளவாளி ஒருவன் கண்டுபிடித்துப் படமெடுத்துவிடுகிறான். அந்தப் படம் ஏன் ஹிட்லரிடம் போய்ச் சேரவில்லை என்பதே கதை. துரத்துபவர், துரத்தப்படுபவன் இருவரையும் மாறிமாறிக் காட்டுவதில் ஜாக்கலின் நேர்த்தி இதில் இருக்கிறது. ஆனால் பிற்பாதி ஒரு தீவில் ஒரு பெண்ணின் கதையாக மாறுகிறது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். தெரியாமல் அங்கே போனால் ஏமாந்ததாக நினைப்பார்.

ஃபோர்சைத்தின் அடுத்த நாவலான 'தி ஒடெஸ்ஸா ஃபைல்' இப்போது வேண்டாம். அதே ஆசிரியர் என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது.

இந்த இரண்டு பெயர்களுக்கு மேல் எழுதாதீர்கள். 'ரோக் மேல்' உங்களுக்குக் கிடைக்காவிட்டால் தெரிவியுங்கள், சத்துவாச்சாரியில் என் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது, ஆம்பூருக்கு நானே அனுப்பிவைக்கிறேன். முதல் பக்கத்தில் எவரும் எதுவும் எழுதாத பிரதி.

அன்புடன்.