தொலைபேசி, இணையப் பணத்துக்கு வரி உண்டா?

"என் சம்பளச் சீட்டில் தொலைபேசி, இணையச் செலவு என்று மாதம் 2,500 ரூபாய் வருகிறது. பில் கொடுத்தாலும் இதற்கு வரி பிடிப்பார்களா?"

உங்கள் நிறுவனம் இந்தப் பணத்தை எப்படித் தருகிறது என்பதைப் பொறுத்தது. பில் எதுவும் கேட்காமல் மாதாமாதம் ஒரே தொகையைத் தந்தால் அது படி; முழுவதும் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் வரும். பில் வாங்கிக்கொண்டு, உண்மையில் ஆன செலவை மட்டும் திருப்பித் தந்தால், நிறுவனம் தரும் சலுகைகளை மதிப்பிடும் வருமான வரி விதி, கைபேசி உட்படத் தொலைபேசிச் செலவைச் சலுகை மதிப்பில் சேர்க்க வேண்டியதில்லை என்கிறது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் 2024-25ஆம் ஆண்டில் நேர்ந்ததைச் சொல்கிறேன். எனக்கும் மாதம் 2,500 ரூபாய்தான். கைபேசிக்கு 589, வீட்டு அகலக்கற்றைக்கு 943, ஆக 1,532 ரூபாய்க்கு மாதந்தோறும் பில் கொடுத்தேன். இருந்தும் கணக்குப் பிரிவினர் முழு 2,500-ஐயும் 'தொலைபேசிப் படி' என்ற ஒரே இனத்தில் போட்டு, அனைத்துக்கும் வரி பிடித்தார்கள். ஆண்டுக்கு 30,000 ரூபாயில் பில் உள்ள 18,384 ரூபாய் வரிக்கு வெளியே நிற்க வேண்டும். மிச்சம் 11,616 ரூபாய்க்கு வரி கட்ட வேண்டியதுதான், அதில் எனக்கு வாதமில்லை. மேல்வரியோடு 20.8 விழுக்காடு கட்டும் எனக்கு அந்த 18,384 ரூபாய்க்கான வரி ஏறத்தாழ 3,824 ரூபாய். இது சிறிய தொகைதானே என்பவர்கள், பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு வரியும் பிடிப்பது எந்த வகையில் நியாயம் என்று சொல்லட்டும். விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகு ஜனவரியில் இரண்டு இனங்களாகப் பிரித்தார்கள். கூடுதலாகப் பிடித்ததை மீதி மாதங்களின் பிடித்தத்தில் சரிக்கட்டினார்கள். ஆண்டுக்குள் அப்படிச் சரிக்கட்ட வருமான வரிச் சட்டத்திலேயே இடம் உண்டு.

இணையத்தில் மட்டும் கவனம் தேவை. அந்த விதி தொலைபேசியைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனவே அகலக்கற்றைச் செலவை அலுவலகப் பணிக்காகத் தருவதாக நிறுவனத்தின் கொள்கையில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சில நிறுவனங்கள் இணையத் தொகைக்கு வரி பிடிப்பதை வெறும் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். மனைவி பெயரிலோ தந்தை பெயரிலோ உள்ள இணைப்பின் பில்லைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்று பில்லைக் கையிலேயே வைத்திருக்காதீர்கள். சம்பளத்திலிருந்து வருமான வரிச் சட்டம் கழிக்க விடுவது நிலையான கழிவு போன்ற ஒன்றிரண்டை மட்டுமே. கைபேசிச் செலவுக்கு அங்கே இடமில்லை. மார்ச் சம்பளம் போடுவதற்கு முன்பே உங்கள் வரிக் கணிப்புத் தாளை வாங்கி, பில் கொடுத்த தொகை மொத்தச் சம்பளத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால், பில் நகல்களோடு அன்றே எழுதிக் கொடுங்கள்.