வளையல் எந்தக் கணக்குக்குப் போனது?

கேள்வி: ஐயா, எனக்கு 12 விசைத்தறி. சொந்த நூல் போட்டு ரேயான் காடாத் துணி ஓட்டுகிறேன். மாதம் 18,000 மீட்டர் வரும். மீட்டர் 33-க்கு விற்றது, நடுவில் 29.50 ஆகி, இப்போது இரண்டு மாதமாக 26.50. துணி தேங்கவில்லை, பணமும் கைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் இரண்டு மாதமாகத் தவணையும் வாடகையும் கட்ட முடியவில்லை. நூல் கடைப் பாக்கி 54,000-க்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்துச் சமாளித்தேன். வீட்டுச் செலவு அவள் தையலில் ஓடுகிறது. அப்பாவோ, ‘தறி நின்றால் தவணை எப்படிக் கட்டுவாய், ஓட்டிக்கொண்டே இரு’ என்கிறார். புரோக்கரும் அதையேதான் சொல்கிறார். செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
— ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, விலை ஏறிவிடும், பொறுத்திருங்கள் என்று எழுத மாட்டேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுதான் என்னை உலுக்கியது. வளையலை அடகு வைத்தது வங்கித் தவணைக்கு இல்லை, நூல் கடைக்கு. இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனிக்கவே இல்லை.

தவணைக்காக நகை போயிருந்தால், ‘கஷ்டகாலம், ஓட்டுங்கள்’ என்று நானே சொல்லியிருப்பேன். நீங்களோ தவணை கட்டவில்லை, வாடகை கொடுக்கவில்லை, வீட்டுக்கும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. துணி விற்ற பணம் முழுவதையும் நூலுக்கும் கூலிக்கும் கரண்டுக்கும் கொட்டியும் பற்றவில்லை. நெய்யாமல் இருந்திருந்தால் வந்தே இருக்காத செலவைக்கூடத் துணியின் விலை அடைக்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு 120 கிராம் நூல், கிலோ 180 ரூபாய் என்றால் 21.60. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் 1.40, நெசவுக் கூலி 3.00, மின்சாரம் 1.30, மடிப்பு, தரகு, உதிரி எல்லாம் சேர்த்து 0.70. மொத்தம் 28 ரூபாய். நெய்தால் வரும், நெய்யாவிட்டால் வராத செலவு இது. பாடப்புத்தகத்தில் சராசரி மாறும் செலவு என்று இருப்பது இந்த 28-தான். தவணை 46,000, ஷெட் வாடகை 12,000, மின் நிலைக்கட்டணமும் இன்ஷூரன்ஸும் 5,000 என மாதம் 63,000 இன்னொரு பக்கம் நிற்கிறது. தறி ஓடினாலும் வரும், பூட்டிக் கிடந்தாலும் வரும். அது மாறாச் செலவு. 18,000 மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 3.50. ஆக முழு அடக்கம் 31.50.

விலை 29.50 ஆக இருந்தபோது அடக்கத்துக்கு 2 ரூபாய் குறைவு, மாதம் 36,000 நட்டம். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டுமோ என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்று ஓட்டியது சரி. நிறுத்தியிருந்தால் 63,000 முழுசாகத் தலையில் விழுந்திருக்கும். 28 போக மிஞ்சிய 1.50, 18,000 மீட்டரில் 27,000 ஆகி அந்த 63,000-த்தில் ஒரு பகுதியை அடைத்தது. நட்டத்தில் ஓட்டுவதும் சில நேரம் சரியான காரியம்தான்.

இப்போது விலை 26.50. ஒவ்வொரு மீட்டரும் தறியை விட்டு இறங்கும்போது உங்கள் கையிலிருந்து 1.50-ஐ எடுத்துக்கொண்டு போகிறது. மாதம் 27,000. இரண்டு மாதத்துக்கு 54,000. நூல் கடைப் பாக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதியதை இன்னொரு தடவை பாருங்கள். அது ஏதோ தற்செயலாகச் சேர்ந்த கடன் இல்லை. ஓட்டினால் மாத நட்டம் 90,000, நிறுத்தினால் 63,000. நிறுத்தினாலும் நட்டம்தான், ஆனால் புதிதாகச் சொந்த நூல் வாங்கி நெய்து அந்த 63,000-க்குக் கீழே இறங்க இன்றைய விலையில் வழியே கிடையாது. அதற்கு மேலே போகாமல் தடுப்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

தறி நின்றால் தவணை எப்படிக் கட்டுவாய் என்று அப்பா கேட்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தறி ஓடுகிறதே, இரண்டு மாதமாகத் தவணைக்கு ஒரு ரூபாய் வந்ததா? விலை 28-க்கு மேலே இருந்த காலத்தில் அவர் சொன்னது அனுபவத்தில் வந்த நியாயம். 28-க்குக் கீழே அதே பேச்சு உங்களை இன்னும் ஆழத்தில் இறக்கும். தவணை எவ்வளவு பெரியது என்பதற்கு இந்த முடிவில் இடமே இல்லை. அது 46,000 ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும், ஓட்டுவதா நிறுத்துவதா என்ற கேள்விக்கு 28-ஐயும் 26.50-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். புரோக்கருக்கு மீட்டருக்கு மீட்டர் தரகு உண்டு, அவர் ஓட்டச் சொல்லத்தான் செய்வார்.

விலையை உயர்த்திக் கேட்கலாமே என்று தோன்றலாம். உங்கள் காடாவும் அடுத்த தெரு காடாவும் ஒரே ரகம், சந்தையில் அதை நெய்கிறவர்களும் ஏராளம். 26.75 கேட்டால் வாங்குகிறவர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடுவார். நிறைவுப் போட்டி என்று சொல்வது ஏறக்குறைய இந்த நிலைமையைத்தான். விலையை நீங்கள் வைக்க முடியாது, அந்த விலைக்கு எத்தனை மீட்டர் நெய்வது என்று மட்டும்தான் முடிவெடுக்கலாம். பூஜ்யமும் அதில் ஒரு விடை.

இரண்டு தறியை மட்டும் ஓட்டினால் இலவச மின்சாரத்திலேயே முடிந்துவிடுமே என்று கணக்குப் போடுவீர்கள். விசைத்தறி இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். முக்கால் கிலோவாட் மோட்டார், நாளைக்கு 20 மணி நேரம் என்றால் ஒரு தறிக்குத்தான் அது தாராளம், இரண்டாவது தறி அதற்குள் முழுதாக ஓடாது. அந்த ஒரு தறியிலும் மின்சாரத்தின் 1.30 முழுசாகப் போனாலும் 26.70 நிற்கும். விலை 26.50. எந்த அளவில் ஓட்டினாலும் மாறும் செலவு விலைக்குக் கீழே இறங்கவில்லை என்றால் குறைத்து ஓட்டுவதும் வழி ஆகாது.

அதற்காக இதைப் படித்த கையோடு போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடாதீர்கள். நிறுத்துகிறவர்களில் பலர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். தறியில் நீளவாக்கில் ஏறியிருக்கும் பாவுக்கு நூல் வாங்கியாகிவிட்டது, சைசிங்கும் முடிந்துவிட்டது. அதைப் பிரித்து மறுபடி நூலாக விற்க முடியாது. அந்தப் பாவைப் பொறுத்தவரை இனிமேல் வரப்போகும் செலவு குறுக்கே ஓடும் ஊடை நூல் 55 கிராமுக்கு 9.90, கூலி 3.00, மின்சாரம் 1.30, இதர 0.70, ஆக 14.90. விற்பது 26.50. எனவே ஏறிய பாவையும், சைசிங் முடிந்து பாவு சுற்றிக் காத்திருக்கும் பீமையும் கடைசி மீட்டர் வரை நெய்துவிடுங்கள். புதுப் பாவுக்கு மட்டும் நூல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தறியாகப் பாவு தீரத் தீர நிற்கட்டும்.

குடோனில் பிரிக்காத நூல் இருந்தால், அதை எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். இன்று கடைக்காரர் என்ன விலைக்குத் திருப்பி எடுப்பார் என்று கேளுங்கள். கிலோ 175 தருவார் என்றால் மீட்டர் 27.40-க்கு வருகிறது, அப்போதும் நெய்வதைவிடத் திருப்பிக் கொடுப்பதே மேல். அவர் 167.50-க்குக் கீழேதான் எடுப்பேன் என்றால், அந்த நூலை நெய்து தீர்த்துவிடுவது நல்லது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பாவும் ஊடையும் தந்து கூலிக்கு ஓட்டச் சொல்லும் மாஸ்டர் வீவர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். அங்கே நூலும் சைசிங்கும் உங்கள் செலவு இல்லை. கூலி, மின்சாரம், இதர செலவு சேர்த்து 5 ரூபாய்தான், தரகும் இல்லையென்றால் அதைவிடக் குறையும். மீட்டருக்கு 5.60 கிடைத்தால்கூட 60 பைசா மிஞ்சும், மாதம் 10,800 தவணைப் பக்கம் போகும். 5-க்குக் கீழே பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்த நூல் போட்டு ஓட்டியவன் கூலிக்கு ஓட்டுவதா என்று அப்பாவுக்கு மனம் சுருங்கும். சுருங்கட்டும். மருமகள் நகையில் துணி நெய்வதைவிட அது மரியாதைக் குறைவு இல்லை.

நெசவாளர்களைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதாததில் எனக்கு வருத்தம். இரண்டு ஷிப்டுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பாவு எப்போது தீரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதை அவர்களுக்கும் இன்றைக்கே சொல்லுங்கள். நிற்கும் மாதத்தில் ஆளுக்கு 3,000 கொடுத்தால் 12,000 ஆகும். நிறுத்துவதால் மிச்சமாகும் 27,000-க்குள் அது அடங்கும். மறுபடி ஓட்டும்போது அவர்கள் திரும்பி வருவார்கள், நீங்கள் கொடுத்த முன்பணமும் தங்கும். ஆனால் கணக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் தறியை நம்பி இருக்கிற வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது முதலாளியின் கடமை.

வங்கிக்கும் ஷெட் உரிமையாளருக்கும் ஒளியாமல் நேரில் போங்கள். நிறுத்திவிட்டேன், இத்தனை மாதம் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். 63,000 என்பது குறுகிய காலத்துக்குத்தான் அசையாத செலவு. வாடகை ஒப்பந்தம் முடிந்து, தறியை விற்றுக் கடனையும் தீர்க்க முடிகிற நாள் வந்துவிட்டால் அதுவும் தவிர்க்கக்கூடிய செலவாகிவிடும், அப்போது 31.50-க்கு மேல் விலை நிற்குமா என்ற கேள்வியோடு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அது வேறு கடிதம்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அப்பாவிடம் யோசனை கேட்டீர்கள், புரோக்கரிடம் யோசனை கேட்டீர்கள், மனைவியிடம் வளையலை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். தையல் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு வரவு செலவு நன்றாகத் தெரியும். இன்று இரவு இந்தக் கணக்கை அப்பாவையும் அவரையும் உட்கார வைத்துப் போடுங்கள். மனைவிக்குத் தெரியாமல் இனி ஒரு மூட்டை நூல்கூடக் கடனுக்கு எடுக்காதீர்கள்.

மறுபடி எப்போது ஓட்டுவது என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள். 31.50 வரும் வரை காத்திருப்பது தவறு, 28-ஐத் தாண்டினாலே ஓட்டலாம். ஐந்து பத்து பைசா தாண்டியதற்கெல்லாம் ஓடிவிட வேண்டாம், பாவு பிணைக்கவும் தறியைச் சரிபார்க்கவும் செலவு பிடிக்கும், அதை அடைக்கும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அந்த 28-ம் கல்லில் செதுக்கியது இல்லை. நூல் கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால் அது 26.80 ஆகிவிடும். துணி விலை 26.50-லேயே நின்றாலும் நூல் 167.50-க்குக் கீழே போனால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். அதனால் வாரம் ஒருமுறை துணி விலையோடு நூல் விலையையும் விசாரித்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள்.