பால் குடித்தே வயிறு நிறையும் பிள்ளைக்கு எடை எப்படி ஏறும்?

"பையனுக்கு 3 வயது, 11 கிலோ. சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறான். நாலு பாட்டில் பால் மட்டும் ஒழுங்காகக் குடிப்பான். அது ஒன்றுதான் ஆறுதல் அக்கா."

சிக்கலே அந்தப் பாலில்தான். நாலு பாட்டில் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். அவன் பசியில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும், சோற்றுக்கு எங்கே இடம்? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. இரத்தம் குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். 3 வயதுப் பையன் 11.3 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் குறைவுதான், அதனால் குழந்தை மருத்துவரிடம் காட்டி இரத்தம் பரிசோதித்துவிடுங்கள்.

முதல் வாரம் மதியப் பாட்டிலை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் சாயங்காலத்தது. கடைசியில் 400 மில்லி நின்றால் போதும், அதுவும் டம்ளரில், சாப்பிட்ட பிறகு. இரண்டு வேளைக்கு நடுவே இரண்டரை மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், பிஸ்கட்டும்தான். முதல் மூன்று நான்கு நாள் பால் கேட்டு அழுவான், சோறும் தொடமாட்டான். பெரும்பாலானவர்கள் அங்கேதான் பயந்து மறுபடி பாட்டிலைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தட்டில் அரைக் கரண்டி பருப்புச் சோறு வைத்தால் போதும், குழைவாக, ஒரு டீஸ்பூன் நெய்யோடு. தோசை மாவில் ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் அவனுக்குத் தெரியவே தெரியாது. அரை மணி நேரம் பாருங்கள். சாப்பிடாவிட்டால் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

"எதற்கு இவ்வளவு? சோற்றில் நெய்யைத் தாராளமாக விட்டால் எடை தானாக ஏறும். எங்கள் வீட்டில் அப்படித்தான்."

பாதி சரி சார். ஒரு டீஸ்பூன் நெய்யில் சுமார் 45 கலோரி, அது நல்ல சேர்மானம்தான். ஆனால் நெய்யில் புரதம் இல்லை. அளவு மீறினால் இரண்டு வாயிலேயே திகட்டிவிடும். பருப்போ முட்டையோ கூடவே இருக்கட்டும்.

"பேத்திக்கு ஒன்றரை வயது. சத்து என்று வறுத்த வேர்க்கடலை நாலைந்து கையில் கொடுக்கிறேன். அப்படியும் எடை ஏறவில்லையே?"

அம்மா, எடையை அப்புறம் பார்ப்போம். முழுக் கடலையை இன்றே நிறுத்துங்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். நைசாகப் பொடித்து ஒரு டீஸ்பூன் இட்லியிலோ கஞ்சியிலோ கலந்து கொடுங்கள்.

"நானும் சின்ன வயதில் ஒல்லிதான், தானாகச் சரியாகிவிட்டது. இவ்வளவு பதற வேண்டுமா?"

எடை அட்டையில் கோடு மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். மூன்று மாதம் அந்தக் கோடு ஏறாமல் படுத்தே கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

"அக்கா, நாலு பாட்டில் பையனின் அம்மாதான். ராத்திரிப் பாட்டில் இல்லாமல் தூங்கமாட்டான். மாமியார் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறார்."

அவரோடு சண்டை வேண்டாம். பகல் பாட்டில்கள் முதலில் போகட்டும். ராத்திரியில் டம்ளரில் குடிக்கவைத்து, அப்புறம் பல் தேய்த்துப் படுக்கவைத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலது ஒரு மாதம் இழுக்கும். உங்கள் பையன் எந்த ரகம் என்று இப்போதே சொல்ல முடியாது.