ஐந்து மாடி அலுவலகத்துக்கு ஃபயர் அலாரம்: டிடெக்டர் இடைவெளி முதல் பேட்டரி வரை

கேள்வி: ஐந்து மாடி அலுவலகம். ஒவ்வொரு தளமும் 36 × 18 மீட்டர், சீலிங் உயரம் 3 மீட்டர், பெரும்பாலும் திறந்த ஹால். 9 மீட்டருக்கு ஒன்று என்று தளத்துக்கு 8 ஸ்மோக் டிடெக்டர் வரைந்திருக்கிறேன். போதுமா?

பதில்: காகிதத்தில் போதும், அதுவும் நூலிழையில். அமெரிக்க விதியான என்எஃப்பிஏ 72 படி சமதளச் சீலிங்கில் ஸ்மோக் டிடெக்டருக்கு வழக்கமாக எடுக்கும் இடைவெளி 9.1 மீட்டர். ஆனால் உண்மையில் பார்க்க வேண்டியது, சீலிங்கின் எந்தப் புள்ளியும் ஏதோ ஒரு டிடெக்டரிலிருந்து அதன் 0.7 மடங்குக்குள், அதாவது சுமார் 6.4 மீட்டருக்குள் இருக்கிறதா என்பதுதான். உங்கள் 9 × 9 கட்டத்தின் மூலை நடுவிலிருந்து 6.36 மீட்டர் தள்ளி இருக்கிறது. மிச்சம் எதுவும் இல்லை.

சிக்கல் வேலை நடக்கும் இடத்தில் வரும். ஏசி காற்று வெளிவரும் டிஃப்யூஸரிலிருந்து சுமார் 1 மீட்டர் விலக வேண்டும் என்பதால் டிடெக்டர் நகரும், உடனே ஒரு மூலை வெளியே போய்விடும். தளத்துக்கு 10 வையுங்கள், நீளத்தில் ஐந்து, அகலத்தில் இரண்டு. கட்டம் 7.2 × 9 ஆகும், மூலைத் தூரம் 5.8 மீட்டருக்குக் குறையும். நீளவாக்கில் ஒன்றை 0.9 மீட்டர் நகர்த்தினாலும் கணக்கு தாங்கும். டிஃப்யூஸர் எங்கே வரும் என்று ஏசிக்காரர் கடைசி நாள்தான் சொல்வார், அதற்கும் சேர்த்துத்தான் இது.

கேள்வி: பிரிட்டிஷ் விதியான பிஎஸ் 5839-1-இல் 7.5 மீட்டர் ஆரம் என்கிறார்கள். அப்படியென்றால் முதலில் கேட்டவரின் 8 தாராளம்தானே? கேபினுக்குள்ளே தனியாக வைக்கவும் தேவையில்லை.

பதில்: முதல் பாதி சரி. அந்த விதியில் சதுரக் கட்டம் 10.6 மீட்டர் வரை போகும். எந்த விதியில் ஒப்புதல் வாங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். இடைவெளிக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று வசதிக்குத் தக்கபடி மாற்றக் கூடாது.

கேபின் விஷயம் தவறு. தடுப்பு சீலிங்வரை போகாவிட்டாலும் அது சுவர்தான். பிஎஸ் கணக்கில் சீலிங்குக்கு 300 மில்லிமீட்டருக்குள் வந்தாலே சுவர். என்எஃப்பிஏ சீலிங் உயரத்தில் 15 சதவீதம் என்கிறது, 3 மீட்டருக்கு அது 450 மில்லிமீட்டர். அதற்கு மேல் எழுந்த தடுப்பு என்றால் அந்த கேபின் தனி அறை, அதற்குத் தனி டிடெக்டர்.

கேள்வி: சரி, கேபின், காரிடார் எல்லாம் சேர்த்துத் தளத்துக்கு 16 வருகிறது. சத்தமும் ஒளியும் தரும் ஹூட்டர்-ஸ்ட்ரோப் தளத்துக்கு 4. ஐந்து மாடிக்கும் சேர்த்து 20 ஹூட்டரையும் ஒரே சர்க்யூட்டில் போடலாமா? ஒன்று 80 மில்லி ஆம்பியர், கூட்டினால் 1.6. பேனலில் அந்த சர்க்யூட்டுக்கு 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

பதில்: பேனல் தாங்கும், ஒயர் தாங்காது. கடைசி ஹூட்டர் வரை கேபிள் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம். கிலோமீட்டருக்குச் சுமார் 12.1 ஓம். போக வர 300 மீட்டர், 3.63 ஓம். 1.6 ஆம்பியரும் கடைசி முனையில் இருப்பதாக எடுத்தால் 5.8 வோல்ட் விழும்.

மின்சாரம் இருக்கும்போது பேனல் 26 வோல்ட் வரை கொடுக்கும், கடைசி ஹூட்டருக்கு 20 கிடைக்கும், எல்லாம் ஜோராகக் கத்தும். ஆனால் கணக்கைப் பேட்டரி தீரும் தறுவாயில் போட வேண்டும். அப்போது 20.4 வோல்ட்தான் புறப்படும், கடைசியில் 14.6 சேரும். 24 வோல்ட் ஹூட்டர்களுக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 16 வேண்டும். இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 0.8 ஆம்பியர், 2.9 வோல்ட் இழப்பு, 17.5 கிடைக்கும்.

இன்னொன்று, ஸ்ட்ரோப் வோல்ட்டேஜ் குறையக் குறைய அதிகக் கரண்ட் இழுக்கும். டேட்டா ஷீட்டில் 24 வோல்ட்டுக்கான எண்ணை எடுக்காமல், அதிகபட்சக் கரண்ட் எது என்று தேடி எடுங்கள்.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் டெஸ்ட் செய்தால் எல்லா மாடியிலும் கேட்கிறது. ஒரு முறை கரண்ட் போயிருந்தபோது மட்டும் மேல்மாடி ஸ்ட்ரோப் விட்டு விட்டு மின்னியது. ஸ்ட்ரோப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றுவதற்கு முன் ஒரு மீட்டரை எடுங்கள். அலாரம் அடிக்கும்போது பேனல் முனையில் ஒரு அளவு, கடைசிக் கருவியில் ஒரு அளவு. 26.5-ம் 20.9-ம் வந்தால் இழப்பு 5.6. அதை 20.4-இலிருந்து கழித்தால் 14.8. அப்படியென்றால் புது ஸ்ட்ரோப்பும் இதே போலத்தான் மின்னும். இழப்பு குறைவாக இருந்தால் சந்தேகத்தைப் பேட்டரி பக்கம் திருப்புங்கள்.

கேள்வி: பேட்டரிக்கு வருவோம். பேனலில் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு இருக்கிறது, ஆக 14. இது ஐந்து மாடிக்குப் போதாதா?

பதில்: 14 இல்லை, 7தான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம், கூடுவது வோல்ட்டேஜ் மட்டுமே.

இப்போது அதே ஐந்து மாடிக் கணக்கு. 80 டிடெக்டர், கையால் அழுத்தி அலாரம் அடிக்கும் கால் பாயிண்ட் 10, ஒவ்வொன்றும் 0.4 மில்லி ஆம்பியர் என்றால் 36. பேனல் 160, பேனல் காட்டுவதையே வேறிடத்தில் காட்டும் ரிப்பீட்டர் 44. மொத்தம் 240, அதாவது 0.24 ஆம்பியர். 24 மணி நேரத்துக்கு 5.76 ஆம்பியர்-ஹவர். அலாரத்தில் ஹூட்டர்கள் 1.6, பேனலும் மற்றவையும் 0.4, ஆக 2 ஆம்பியர். ஒப்புதல் பிஎஸ்ஸில் என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரம் அலாரம், வேகமாக உறிஞ்சும்போது பேட்டரி முழுதாகத் தராது என்பதற்கு 1.75, பழசாவதற்கு 1.25:

```
1.25 × (24 × 0.24 + 1.75 × 0.5 × 2.0) = 9.4 Ah
```

கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 12. ஹூட்டர் பெரிய தீனிக்காரன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே 24 மணி நேரம் சும்மா இருப்பதுதான் அதிகம் தின்கிறது. 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு சின்ன கருவியை நிரந்தரமாகச் சேர்த்தால் கணக்கில் 1.5 ஆம்பியர்-ஹவர் ஏறிவிடும். கதவைப் பிடித்து வைக்கும் காந்தங்களை இதில் சேர்க்காதீர்கள். கரண்ட் போனதும் அவை விட்டுவிடும்படி அமையுங்கள்.

கேள்வி: அப்புறம் ஏன் யோசனை? 26 ஆம்பியர்-ஹவராகப் போட்டுவிட்டால் நிம்மதி.

பதில்: சார்ஜர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. பேனலில் அதிகபட்ச பேட்டரி அளவு எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் காலியான பேட்டரி உரிய நேரத்தில் நிரம்பாது, அடுத்த மின்தடைக்குப் பாதியில் நிற்கும்.

கேள்வி: எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. 24 மணி நேரம் எதற்கு?

பதில்: என்எஃப்பிஏவில் அவசரகால ஜெனரேட்டர் இருந்தால் 4 மணி நேரப் பேட்டரி போதும் என்ற வழி இருக்கிறது. லிஃப்டுக்காக வைத்த சாதாரண ஜெனரேட்டர் அதில் சேராது.

அதே நபர்: சனி, ஞாயிறு யாரும் இருக்க மாட்டார்கள். வெள்ளி இரவே கரண்ட் போனால்?

பதில்: அப்போது 24-ம் போதாது. பிஎஸ்ஸில் சொத்துப் பாதுகாப்புக்கான அமைப்பு என்றால் கணக்கே வேறு, நீண்ட நேரம் கேட்கும். மின்தடைத் தகவல் வெளியே யாருக்காவது போகிறதா, போனால் அவர் வருவாரா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒப்புதல் தரும் அதிகாரியிடம் இதை எழுத்தில் வாங்கிவிட்டு பேட்டரி வாங்குங்கள்.