x = 3இல் 0/0 வரும்போது (x − 3)ஐ நீக்கலாமா?

“(x² − x − 6)/(x² − 9) என்பதில் x → 3 ஆகும்போது (x − 3)ஐ நீக்கி 5/6 என்று எழுதினேன். பூச்சியத்தால் வகுத்துவிட்டேனோ?”

இல்லை, உங்கள் விடை சரியானது. எல்லை என்பது x மூன்றை நெருங்கும்போது சார்பு எதை நெருங்குகிறது என்பதை மட்டுமே கேட்கிறது. x மூன்றுக்குச் சமமாவதே இல்லை என்பதால், நீங்கள் நீக்கிய (x − 3) எங்கும் பூச்சியமாகவில்லை. ஆகவே 3 தவிர அதன் அருகிலுள்ள எல்லாப் புள்ளிகளிலும் மூலக் கோவையும், நீக்கிய பின் கிடைக்கும் (x + 2)/(x + 3)உம் ஒன்றே. மூலச் சார்புக்கு x = 3இல் மதிப்பு இல்லை; அந்த ஓட்டை எல்லையைப் பாதிக்காது.

சரிபார்க்கும்போது மதிப்புகளை மூலக் கோவையிலேயே இடுங்கள். சுருக்கியதில் இட்டால் காரணிப்படுத்தலில் நேர்ந்த பிழை வெளிப்படாது. x = 2.9 எனில் 0.8305, 2.99 எனில் 0.83306, மறுபுறம் 3.1 எனில் 0.8361, 3.01 எனில் 0.83361. இருபுறமும் 0.83333…ஐ, அதாவது 5/6ஐ, நெருங்குகின்றன. இடைவெளி பத்தில் ஒன்றாகக் குறைய, வேறுபாடும் ஏறத்தாழ அவ்வாறே குறைவதைக் கவனியுங்கள்.

மிக நெருங்கிய மதிப்புகளை, உதாரணமாக 3.0000000000001ஐ, கணிப்பானில் இட வேண்டாம். தொகுதியும் பகுதியும் கழித்தலில் தம் இலக்கங்களை இழந்து, தவறான எண்ணையோ பிழைச் செய்தியையோ தரக்கூடும். இந்த எண்கள் விடையை உறுதிப்படுத்த உதவுமே தவிர நிறுவா. நிறுவுவது, x ≠ 3 என்று குறித்துவிட்டுச் செய்யும் அந்த நீக்கமே.